பயந்தால் வயிறு ஏன் கலக்குகிறது, சிலருக்கு ஏன் அடைத்துக்கொள்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்துக் கடை கவுன்ட்டரில் நிற்பவனிடம், டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படுவதையும் ஆட்கள் சொல்லிவிடுவார்கள். அதிலும் பரீட்சை மாதங்களில் இந்த வயிற்று விஷயம்தான் அதிகம். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, கீழே பதில் போட்டிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் போகும்.

1. இன்டர்வியூன்னாலே காலையில வயித்தைக் கலக்குது. சாப்பிட்டது எதுவும் தப்பில்ல. ஏன் இப்படி?

சாப்பாட்டில் ஒன்றும் இல்லை, பெருங்குடலுக்கு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருக்கிறது, அவ்வளவுதான். பயம் வந்தால் மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் சி.ஆர்.எஃப். என்ற ஒரு பொருளைச் சுரக்கும். 1981-இல் வைலி வேல் என்பவரின் குழு ஆட்டு மூளையிலிருந்து பிரித்தெடுத்து அடையாளம் காட்டியது அதைத்தான். கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் சுரப்பதைத் தொடங்கி வைப்பது அதன் ஒரு வேலை. இன்னொரு வேலை, முதுகுத்தண்டின் அடிப்பகுதியிலிருந்து பெருங்குடலுக்கு வரும் நரம்புகளை முடுக்கிவிடுவது. அந்த நரம்புகள் சொன்னால் பெருங்குடல் சுருங்கித் தள்ளும்.

பெருங்குடலின் முக்கிய வேலை தண்ணீரை உறிஞ்சுவது. சிறுகுடலிலிருந்து ஒரு நாளைக்கு ஒன்று, ஒன்றரை லிட்டர் குழம்பு மாதிரி உள்ளே வரும், வெளியே போகும்போது அதில் தண்ணீர் நூறு, நூற்றைம்பது மில்லிதான் இருக்கும். இந்த உறிஞ்சலுக்கு நேரம் வேண்டும், சாதாரணமாக ஒரு நாளுக்கு மேல். பயத்தில் அவசரமாகத் தள்ளினால் உறிஞ்ச நேரமில்லை. அதனால்தான் முதல் தடவை ஓரளவு கட்டியாக, இரண்டாவது தடவை குழைவாக, மூன்றாவது தடவை தண்ணீரும் கொஞ்சம் சளியுமாக, அதுவும் ஒரு கை அளவுகூட இல்லாமல் போகிறது. கிருமியால் வரும் பேதியில் அளவு அதிகமாக இருக்கும், இன்டர்வியூ முடிந்த பிறகும் நிற்காது. இது பெரும்பாலும் உள்ளே கூப்பிட்ட பத்து நிமிடத்தில் அடங்கிவிடும்.

2. ஆனா அதே நேரம் பசியே இல்லையே. ரெண்டு இட்லி சாப்பிட்டா நெஞ்சுலயே நிக்குது. மேல அடைப்பு, கீழ ஓட்டம், இது எப்படி?

இந்த முழு விஷயத்தில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான், ஏனென்றால் பாதி குழப்பம் இதில் தீர்ந்துவிடும். பயம் குடலை மொத்தமாக வேகப்படுத்தும் என்றோ மொத்தமாக நிறுத்தும் என்றோ நினைக்கிறோம். உண்மையில் ஒரே நேரத்தில் இரண்டும் நடக்கிறது: இரைப்பை நிற்கும், பெருங்குடல் ஓடும்.

இரைப்பை நிற்பதை முதலில் கண்ணால் பார்த்தவர்களில் ஒருவர் வால்டர் கேனன், ஹார்வர்டில் மருத்துவ மாணவராக இருந்தவர். எக்ஸ்ரே வந்த புதிது, 1890-களின் கடைசி. பூனைக்கு எக்ஸ்ரேயில் தெரியும் பிஸ்மத் கலந்த தீனி கொடுத்து இரைப்பை அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை அமைதியாக இருந்தவரை அலை அலையாக அசைந்தது, அது மிரண்டு திமிறியதும் அசைவு சட்டென்று நின்றது. தடவிக் கொடுத்து அடங்கிய பிறகு மறுபடி ஆரம்பித்தது.

ஒரே உத்தரவுக்கு இரண்டு விதமான நடத்தை எப்படி என்பது பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தெளிவானது. இவெட் டாஷே போன்ற ஆராய்ச்சியாளர்கள் எலிகளின் மூளைக்குள் சி.ஆர்.எஃப். செலுத்திப் பார்த்தபோது இரைப்பை காலியாவது தாமதமானது, பெருங்குடல் வேகமெடுத்தது. பயமுறுத்தாமலே பயத்தின் விளைவு முழுவதும் வந்துவிட்டது. இரைப்பையை மந்தமாக்குவதும் பெருங்குடலை விரட்டுவதும் வேறு வேறு ஏற்பிகள், வேறு வேறு நரம்புப் பாதைகள். ஆபத்தில் புதிதாகச் சீரணிக்க ஆரம்பிக்காதே, இருக்கும் சுமையை இறக்கிவிடு என்பது மாதிரி. அதனால் அந்த நேரத்தில் இட்லி நெஞ்சில் நிற்பது போல இருந்தால், கட்டாயப்படுத்தி இன்னும் இரண்டை உள்ளே தள்ள வேண்டாம். கொஞ்சமாகக் கஞ்சி, மோர் போதும்.

3. எனக்கு உல்டா. டென்ஷன்னா மூணு நாள் போகாது. ஊருக்குப் போனா சுத்தம். நான் மட்டும் ஏன் வேற மாதிரி?

நீங்கள் மட்டும் இல்லை. கேட்பவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் இப்படித்தான். ஒன்று, உடம்பின் அட்ரினலின் பக்கம் குடலை மந்தமாக்கி, ஆசனவாயின் சுருக்குத் தசையை இறுக்கும். திடீர் பயத்தில் பெருங்குடல் முடுக்கம் ஜெயிக்கிறது. நாள் கணக்கில் இழுக்கும் கவலையிலும், முக்கியமாக மனச்சோர்விலும், பலருக்கு மந்தம் ஜெயிக்கும். குறைவான சாப்பாடு, குறைவான தண்ணீர், நடமாட்டமின்மை எல்லாம் அதோடு சேரும். யாருக்கு எது என்பது ஆளைப் பொறுத்தது, ஒரே ஆளுக்கும் மாறி மாறி வரலாம்.

இரண்டாவதைத்தான் நிறையப் பேர் கவனிப்பதில்லை: அடக்குவது. புது இடம், கல்யாண மண்டபத்தில் இருபது பேருக்கு ஒரு பாத்ரூம், கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை, வெளியே ஆள் நிற்கிறார்கள். உந்துதல் வருகிறது, இறுக்கிப் பிடிக்கிறோம். அடக்கியதும் மலக்குடல் தளர்ந்துகொடுக்கும், உந்துதல் மறைந்துவிடும், இன்னும் கொஞ்சம் தண்ணீர் உறிஞ்சப்பட்டு மலம் கெட்டியாகும். அடுத்த உந்துதல் வர நேரமாகும். பள்ளிக்கூடக் கழிப்பறைக்குப் போகவே மாட்டேன் என்று சாயங்காலம் வரை வைத்திருக்கும் பிள்ளைகளுக்கும், வேலையிடத்தில் வசதி இல்லாத பெண்களுக்கும் இது வருடக் கணக்கில் நடக்கிறது.

அப்படி வருடக் கணக்கில் இறுக்கியவர்களில் சிலருக்கு, உட்கார்ந்து முக்கும்போதும் அந்தத் தசை தளராமல் எதிர்ப்பக்கம் இறுகும். மலம் இளகியிருந்தும் வராது, வந்தாலும் மிச்சம் இருப்பது போலவே இருக்கும், விரலால் அழுத்தித்தான் போக வேண்டியிருக்கும். இவர்கள் பேதி மாத்திரையை மாற்றி மாற்றி வாங்கிப் பயனில்லை. இடுப்புத் தளத் தசையைத் தளர்த்தக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி இருக்கிறது, பயோஃபீட்பேக் என்பார்கள், பெரிய ஆஸ்பத்திரிகளின் இரைப்பை-குடல் பிரிவில் கேட்டுப் பாருங்கள்.

4. குடலுக்கே தனி மூளை இருக்குன்னு யூடியூப்ல சொல்றாங்க. கதையா, நிஜமா?

நரம்பு வலை நிஜம். உணவுக்குழாய் தொடங்கி ஆசனவாய் வரை குடல் சுவருக்குள் இரண்டு அடுக்குகளில் பத்துக் கோடிக்கும் மேல் நரம்பணுக்கள் இருக்கின்றன. 1899-இல் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் ஒரு நாயின் குடலுக்கு வெளியிலிருந்து வரும் நரம்புகளை எல்லாம் வெட்டிவிட்டு, உள்ளே ஒரு உருண்டையை வைத்துப் பார்த்தார்கள். உருண்டைக்கு மேலே குடல் சுருங்கியது, கீழே தளர்ந்தது, உருண்டை கீழ்நோக்கி நகர்ந்தது. யாரிடமும் கேட்காமல் குடல் தன் வேலையைத் தானே பார்க்கும் என்று தெரிந்தது.

ஆனால் அது யோசிக்கும், முடிவெடுக்கும், உங்கள் குணத்தையே தீர்மானிக்கும் என்று வீடியோக்கள் ஓட்டுவது வேறு. தாளம் குடலுடையது, வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மேலே இருக்கும் மூளை. அதே மாதிரி, உடம்பின் செரட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது என்பதும் உண்மைதான். ஆனால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் புக முடியாது. குடலில் அது செய்வது குடல் அசைவைத் தூண்டுவது, குமட்டலைக் கிளப்புவது மாதிரியான வேலைகள். இது கடைசிக் கேள்வியில் மறுபடி வரும்.

5. அப்போ எல்லாம் மனசுதான், கற்பனைன்னு சொல்லிடுவீங்க. டாக்டரும் அப்படித்தான் சொன்னார்.

கற்பனை என்று சொன்னால் அது தப்பு. 1940-களின் கடைசியில் நியூயார்க்கில் தாமஸ் ஆல்மி என்ற மருத்துவர், ஒரு மருத்துவ மாணவருக்கு மலக்குடலில் குழாய் விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் இருந்தவர்களிடம் புற்றுநோய் தெரிகிறது என்று அந்த மாணவர் காதில் விழும்படி பேசினார். குடல் சிவந்து இறுகிச் சுருங்கியது. சும்மா சொன்னோம் என்று விளக்கியதும் மெல்லத் தளர்ந்தது. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதை அனுமதிக்காது, அது சரிதான். ஆனாலும் கவலை ஒரு வாக்கியத்தில் குடலுக்கு இறங்குவதைக் கண்முன்னே காட்டிய சோதனை அது.

இன்னொரு பக்கமும் உண்டு. மலக்குடலுக்குள் சின்ன பலூனை வைத்துக் காற்றை ஏற்றினால், எரிச்சல் குடல் நோய், அதாவது டெஸ்ட்டில் எதுவும் தெரியாமலே அடிக்கடி வயிறு வலித்து மலப்போக்கும் மாறும் நோய், உள்ளவர்களில் பலருக்கு மற்றவர்களைவிடக் குறைந்த காற்றிலேயே வலிக்கிறது. எல்லோர் வயிற்றிலும் வாயு நகர்கிறது, இவர்களுக்கு அது வலியாகத் தெரிகிறது. கவலை கூடினால் இந்த உணர்திறனும் கூடும். வேகம், வலி இரண்டும் தனித்தனி விஷயம் என்பதை நினைவில் வையுங்கள், மருந்து பற்றிய கேள்வியில் தேவைப்படும்.

6. நாள் முழுக்க ஒண்ணும் இல்ல. காலையில மட்டும் மூணு நாலு தடவை. அது ஏன்?

பெருங்குடல் நாள் முழுவதும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. தூக்கத்தில் கிட்டத்தட்ட ஓய்வு. எழுந்ததும், அப்புறம் சாப்பிட்டதும், நீளமாக ஒரு பெரிய தள்ளல் வரும், நாளைக்கு ஆறு தடவை அளவில். காலையில் எழுந்த அசைவு, முதல் காபி, டிபன் என்று மூன்று தூண்டல்கள் ஒரு மணி நேரத்துக்குள் வந்து விழுகின்றன. காபி சிலருக்கு ஐந்து நிமிடத்திற்குள் பெருங்குடலை அசைக்கும், காஃபீன் நீக்கிய காபிகூடச் செய்கிறது, அதனால் காஃபீனை மட்டும் குறை சொல்ல முடியாது. இத்தனைக்கும் மேலே, கார்டிசால் விழித்த அரை மணியில்தான் நாளின் உச்சத்துக்குப் போகும், ஆபீஸ் கவலையும் அந்த நேரத்தில்தான் ஆரம்பிக்கும்.

7. செங்கல்பட்டுல ஏறி கிண்டியில இறங்கணும். லோக்கல் ட்ரெயின்ல டாய்லெட் கிடையாது. அதை நினைச்சாலே வருது. எத்தனை தடவை போயிட்டுக் கிளம்பினாலும் ஸ்டேஷன்ல மறுபடி வருது. என்ன பண்றது?

இது நிறையப் பேருக்கு இருக்கிறது, வெளியே சொல்வதில்லை. இப்படி ஒருவருடைய காலையைப் பிரித்துப் பார்ப்போம். ஆறு மணிக்கு எழுந்து காபி, ஒரு தடவை, சாதாரணமாக. ஆறே முக்காலுக்கு டிபன், இரண்டாவது தடவை, குழைவாக. குளித்து முடித்ததும் “எதற்கும் போய்விடலாம்” என்று மூன்றாவது, வந்தது கொஞ்சம் சளி. ஏழேகாலுக்குச் செருப்பு போடும்போது நான்காவது. ஞாயிற்றுக்கிழமை அதே காபி, அதே இட்லி, ஒரே தடவை. சாப்பாடு காரணமாக இருந்தால் ஞாயிறும் நான்கு தடவை ஆகியிருக்க வேண்டும். இந்த ஒப்பீட்டை நீங்களும் இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள்: நேரம், வடிவம், அன்றைக்கு வேலையா லீவா. இத்தனை போதும்.

இதில் சிக்குவது மூன்றாவதும் நான்காவதும். உள்ளே ஒன்றும் இல்லாதபோது முக்கி வரவழைப்பதால் மலக்குடல் இன்னும் எரிச்சலாகும், “காலி செய்தால்தான் கிளம்பலாம்” என்ற விதியும் மூளையில் பதியும். அதனால் முதலில் செய்ய வேண்டியது, அரை மணி முன்னால் எழுந்து காபியையும் டிபனையும் ஐந்தரை, ஆறுக்குள் முடித்துவிடுவது, அந்த இரண்டு இயற்கையான தள்ளல்களும் வீட்டிலேயே நடந்துவிடும். காபியைப் பாதியாக்கலாம். சளி மட்டும் வரும் உந்துதலுக்கு உட்காராமல் பத்து நிமிடம் தள்ளிப் போடுவது அடுத்தது. பெரும்பாலும் அலை மாதிரி ஏறி இறங்கிவிடும். மூன்றாவது கேள்வியில் அடக்கக் கூடாது என்றேனே என்று கேட்பீர்கள். அங்கே மலச்சிக்கல்காரருக்கு வரும் உண்மையான உந்துதல், இங்கே ஏற்கெனவே இரண்டு தடவை போய்க் காலியான குடலின் பொய் அழைப்பு. இரண்டும் வேறு.

அப்புறம் ரயில். அந்த மனிதர் செய்தது இதுதான்: அவசரம் இல்லாத ஒரு ஞாயிறு, செங்கல்பட்டில் ஏறி சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்கித் திரும்பினார். அடுத்த வாரம் கூடுவாஞ்சேரி வரை. அப்புறம் தாம்பரம். ஒவ்வொரு தடவையும் வயிறு கலக்கியது, கலக்கல் உச்சிக்குப் போய் இறங்கும்வரை வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார், கலக்கியதும் பயந்து இறங்கியிருந்தால் பயம்தான் வளர்ந்திருக்கும். வேலை நாளில் தவிர்க்க முடியாத சில காலைகளுக்கு மட்டும் டாக்டர் சொன்னபடி பேதியை நிறுத்தும் லோபராமைட் 2 மில்லிகிராம் ஒன்று, கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு. பல நாள் பையில் மாத்திரை இருந்ததே போதுமாக இருந்தது. காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் இந்த மாத்திரை கூடாது, கைக்கு வந்தபடி அதிகம் போடவும் கூடாது, அளவு மீறினால் இதயத் துடிப்பைக் கெடுக்கும்.

8. போன வருஷம் ஃபுட் பாய்சன் ஆச்சு. அது சரியாயிடுச்சு. ஆனா அன்னிலேருந்து வயிறு பழைய மாதிரி இல்ல, டென்ஷனும் ஒட்டிக்கிச்சு.

இது நன்றாகத் தெரிந்த விஷயம். கனடாவின் வாக்கர்டன் என்ற சிறு ஊரில் 2000 மே மாதம் குடிநீரில் மாட்டுச் சாணக் கிருமிகள் கலந்து இரண்டாயிரம் பேருக்கு மேல் பேதி வந்தது, ஏழு பேர் இறந்தார்கள். பிறகு அந்த ஊர்க்காரர்களை வருடக் கணக்கில் தொடர்ந்து பார்த்தபோது, கிருமி போன பிறகும் நிறையப் பேருக்கு எரிச்சல் குடல் நோய் நிலைத்துவிட்டது தெரிந்தது. பொதுவாகக் கடும் குடல் தொற்று வந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு இப்படி ஆகலாம். தொற்றின்போதே அதிகக் கவலையில் இருந்தவர்களுக்கு வாய்ப்பு கூடுதல்.

கிருமி போனாலும் குடல் சுவரில் சில மாற்றங்கள் மிஞ்சும், நரம்பு முனைகள் சீக்கிரம் கூச்சலிடும் நிலையில் இருக்கும். ஐந்தாவது கேள்வியில் சொன்ன உணர்திறன் இதுதான். பலருக்கு மாதங்களில், சிலருக்கு வருடங்களில் தணிகிறது. மறுபடி மறுபடி ஆன்டிபயாட்டிக் கேட்டு வருபவர்கள் உண்டு. இல்லாத கிருமிக்கு மருந்து, தயவுசெய்து வேண்டாம்.

9. வயிறு சரியில்லாததாலதான் எனக்கு டென்ஷனே. எல்லாரும் மாத்திச் சொல்றாங்க.

நீங்கள் சொல்வதும் நடக்கிறது. மூளைக்கும் குடலுக்கும் நடுவே ஓடும் வேகஸ் நரம்பில் பத்தில் எட்டு இழைகள் கீழிருந்து மேலே சேதி கொண்டுபோவதுதான். ஆஸ்திரேலியாவில் பொதுமக்களைப் பன்னிரண்டு வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வில், ஆரம்பத்தில் கவலை இருந்தவர்களுக்குப் பின்னால் வயிற்றுத் தொந்தரவு வந்தது, ஆரம்பத்தில் வயிறு மட்டும் சரியில்லாதவர்களுக்குப் பின்னால் கவலை வந்தது. இரண்டு திசையிலும். எது முதலில் என்று நிரூபிக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை, எந்தப் பக்கம் பிடித்து இழுத்தாலும் முடிச்சு தளரும்.

10. எப்போதான் பயப்படணும்? எல்லாத்துக்கும் டென்ஷன்னு விட்டுட்டு ஏதாவது பெருசா இருந்துட்டா?

சரியான பயம். டென்ஷன் குடல் உங்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பாது. ஆழ்ந்து தூங்கும்போது பேதியோ வலியோ எழுப்பினால், மலத்தில் ரத்தம் இருந்தால் அல்லது தார் மாதிரி கறுப்பாகப் போனால், முயற்சி செய்யாமலே எடை குறைந்தால், காய்ச்சல் அல்லது ரத்தசோகை இருந்தால், நேரே டாக்டரிடம் போக வேண்டும். வாழ்க்கை முழுக்க ஒழுங்காக இருந்த வயிறு நாற்பத்தைந்து, ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று மாறினாலும், குடும்பத்தில் குடல் புற்றுநோயோ குடல் அழற்சி நோயோ இருந்தாலும் அப்படித்தான். ரத்தம் வந்தால் மூலம் என்று தானே முடிவு செய்து களிம்பு வாங்கிப் போகிறவர்கள்தான் என்னை அதிகம் கவலைப்பட வைப்பவர்கள்.

இன்னொன்று: தைராய்டு அதிகமாகச் சுரந்தால் படபடப்பு, எடைக்குறைவு, அடிக்கடி வயிறு போவது எல்லாம் சேர்ந்து வரும், பார்ப்பதற்கு அப்படியே டென்ஷன் மாதிரி இருக்கும். குறைவாகச் சுரந்தால் மந்தமும் மலச்சிக்கலும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மின் வயிற்றை ஓட்டும், இரும்புச்சத்து மாத்திரை அடைக்கும். மனதைக் குறை சொல்வதற்கு முன் மாத்திரை டப்பாவைப் பார்த்துவிடுங்கள்.

11. ஸ்கேன், ஸ்கோப், ரத்தம், எல்லாம் நார்மல். ஆனா வலிக்குது. அப்போ எனக்கு என்னதான் வியாதி?

கடந்த மூன்று மாதமாக வாரத்தில் ஒரு நாளாவது வயிற்று வலி, அந்த வலி மலம் போவதோடு சேர்ந்து கூடவோ குறையவோ செய்கிறது, வலி வந்தபிறகு போகும் தடவை மாறியிருக்கிறது, மலத்தின் வடிவம் மாறியிருக்கிறது என்ற மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்துகிறது, ஆரம்பித்து ஆறு மாதமாவது ஆகிறது என்றால் அதற்குப் பெயர் எரிச்சல் குடல் நோய், ஐ.பி.எஸ். என்பார்கள். குடல் நிபுணர்கள் வகுத்து 2016-இல் திருத்திய ரோம் அளவுகோல் இப்படித்தான் சொல்கிறது. வலியே இல்லாமல் வேகம் மட்டும் மாறினால் அது ஐ.பி.எஸ். இல்லை. தினமும் போகவில்லையே என்ற கவலையும் வேண்டாம், நாளைக்கு மூன்று தடவை முதல் வாரத்துக்கு மூன்று தடவை வரை எல்லாமே இயல்புதான்.

நார்மல் என்றால், குழாயிலும் ஸ்கேனிலும் தெரியும் புண், கட்டி, அழற்சி இல்லை என்று அர்த்தம். நரம்பின் உணர்திறன் ஸ்கோப்பில் தெரியாது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஊர் மாற்றி டாக்டர் மாற்றி அதே டெஸ்ட்டைச் செய்வதில் பயனில்லை, பத்தாவது பதிலில் உள்ளது எதுவும் புதிதாக வராதவரை.

12. சாப்பாட்டுல எதை நிறுத்தணும்? காரமா?

காரம் சிலருக்கு எரிச்சல் தரும், ஆனால் பெரிய ஆள் பெரும்பாலும் வெங்காயமும் பூண்டும்தான். அவற்றில் உள்ள ஒருவகை மாவுச்சத்தைச் சிறுகுடலால் உடைக்க முடியாது, அது பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவாகும். கோதுமை, பால், கொண்டைக்கடலை, ராஜ்மா, ஆப்பிள், மாம்பழம் எல்லாம் ஏதோ ஒரு வகையில் இந்தக் கூட்டத்தில் வரும். மெல்பர்னில் உள்ள மொனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபாட்மேப் முறை, இவற்றை இரண்டு முதல் ஆறு வாரம் குறைத்துப் பார்த்து, அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பது. நம் ஆட்கள் முதல் பாதியை மட்டும் செய்துவிட்டு வருடக் கணக்கில் சோறும் ரசமுமாக இளைத்துப் போகிறார்கள். திரும்பச் சேர்ப்பதுதான் முக்கியமான பாதி.

பூண்டு வாசனை இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு ஒரு வழி: அந்தச் சத்து தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. பூண்டை எண்ணெயில் வதக்கி எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயில் தாளிக்கலாம். சாம்பாரில் வேக வைத்து எடுத்தால் பயனில்லை, குழம்பில் இறங்கிவிடும். நார்ச்சத்துக்கு இசப்கோல் நல்லது, போகாதவருக்கும் ஓடுகிறவருக்கும் இரண்டு பேருக்குமே. அரை டீஸ்பூனில் ஆரம்பித்து, ஒரு டம்ளர் தண்ணீரோடு, வாரக் கணக்கில் கூட்டுங்கள். கோதுமைத் தவிடு பலருக்கு வயிற்றை ஊதவைக்கும்.

13. மூச்சுப் பயிற்சி, புரோபயாட்டிக், இதெல்லாம் வேலை செய்யுமா?

மூச்சை மெல்ல இழுத்து அதைவிட மெல்ல விடுவது, நிமிடத்துக்கு ஆறு மூச்சு அளவில், வயிறு எழும்பி இறங்கும்படி. ஏழாவது பதிலில் சொன்ன அந்தப் பத்து நிமிடத்தைத் தாண்ட இது உதவும். தினமும் வேளை வைத்துச் செய்துவிட்டுக் கலக்கும்போது மறந்துபோவதில் அர்த்தமில்லை. புரோபயாட்டிக் சிலருக்குக் கொஞ்சம் கேட்கிறது. ஒரு மாதம் பார்த்து மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள், விலை கொஞ்சநஞ்சம் இல்லை.

நம் ஊரில் அதிகம் தெரியாதது, குடலை மையமாக வைத்துச் செய்யும் ஹிப்னாஸிஸ். 1984-இல் மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் கடுமையான நோயாளிகளிடம் செய்து காட்டிய பிறகு நிறைய ஆய்வுகள் வந்துவிட்டன. சி.பி.டி. எனும் பேச்சு சிகிச்சைக்கும் நல்ல ஆதாரம் உண்டு. ரயிலில் ஒவ்வொரு ஸ்டேஷனாகக் கூட்டிப் போனது அந்த வகைதான்.

14. வயித்து வலின்னு போனா டாக்டர் டிப்ரெஷன் மாத்திரை எழுதிட்டார். எனக்கு என்ன பைத்தியமா?

சீட்டில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம், இரவு ஒன்று என்றுதானே இருக்கிறது? மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அளவு இதைப்போலப் பல மடங்கு. இந்தச் சின்ன அளவில் அது குடலிலிருந்து மேலே போகும் வலிச் செய்தியை மட்டுப்படுத்துகிறது, கூடவே குடலைக் கொஞ்சம் மந்தமாக்குகிறது. இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர்களிடம் வந்த 463 ஐ.பி.எஸ். நோயாளிகளிடம் 10-இல் ஆரம்பித்து 30 வரை கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-இல் வந்தது, வெற்று மாத்திரையைவிடத் தெளிவாக நன்றாக இருந்தது. பலன் தெரிய சில வாரம் ஆகும். வாய் உலரும், காலையில் தூக்கக் கலக்கம் இருக்கும், அதனால் சீக்கிரமே போட்டுவிட்டுப் படுங்கள். ஏற்கெனவே மலச்சிக்கல் உள்ளவருக்கு இது இன்னும் அடைக்கும், டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். இதயத் துடிப்புக் கோளாறு, கண் அழுத்தம், சிறுநீர் அடைப்பு இருந்தாலும் சொல்ல வேண்டும்.

15. பதற்றத்துக்கு செர்ட்ராலின் ஆரம்பிச்சாங்க. நாலு நாளா முன்னைவிட அதிகமா போகுது. டென்ஷன் குறையத்தானே கொடுத்தாங்க? நிறுத்திடட்டுமா?

நீங்களாக நிறுத்த வேண்டாம். செர்ட்ராலின் செரட்டோனினை அதிக நேரம் தங்கவைக்கும் மருந்து, நான்காவது பதிலில் பார்த்தபடி செரட்டோனினில் பெரும்பகுதி குடலில் இருக்கிறது, அது கூடினால் குடல் அசைவும் கூடும், குமட்டலும் வரும். மூளைக்கான பலன் வர மூன்று நான்கு வாரம், குடலுக்கான தொந்தரவு வர மூன்று நான்கு நாள்தான், அதனால்தான் முதலில் மோசமானது போல இருக்கிறது. பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் குறைகிறது. சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் கொஞ்சம் மட்டுப்படும்.

இரண்டு வாரம் தாண்டியும் ஓடினால், அல்லது தண்ணீராகவே போய்த் தலைசுற்றினால் எழுதிக்கொடுத்த டாக்டரிடமே பேசுங்கள். அளவைக் குறைத்து மெல்லக் கூட்டலாம், மருந்தையே மாற்றலாம். உங்களுக்கு முன்பே அடிக்கடி வயிறு போகும் பழக்கம் உண்டென்று அவரிடம் முதலில் சொன்னீர்களா என்று யோசித்துப் பாருங்கள், பலர் அந்த டாக்டரிடம் மனதை மட்டும், இந்த டாக்டரிடம் வயிற்றை மட்டும் சொல்லிவிட்டு வருகிறார்கள். இரண்டு சீட்டையும் ஒரே கவரில் போட்டு எடுத்துப் போங்கள்.